முருகனுக்குப் பொருத்தமான கலர்

போன வருஷம் ஆடி மாதத்தில் திருச்சியிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அனுப்பியவர் எங்களிடம் இரண்டு சேலை வாங்கியிருந்த ஒரு அக்கா. அவரும் அவருடைய நாத்தனாரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், எங்கள் பேஜில் வேறு வேறு சுங்குடிச் சேலைக்கு விலை கேட்டிருக்கிறார்கள். இருவருக்கும் நான் அனுப்பிய பதில் எழுத்துக்கு எழுத்து ஒன்று: "வணக்கம் டியர்! அருமையான தேர்வு! இந்தக் கலர் உங்களுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கும். விலை விவரங்களுக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க." இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "நாத்தனார் டிபியில இருக்கிறது பழனி முருகன். அவருக்கும் பொருத்தமா இருக்குமாம்மா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பதிலை நான் மூன்று மாதமாக எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடி விற்கிறோம். நான், என் வீட்டுக்காரர், அத்தை. அத்தை என்றால் மாமியார். சேலையை எடுப்பது, மடிப்பது, கட்டுவது அவர். போட்டோ, இன்ஸ்டாகிராம், பதில், கூரியர் எல்லாம் நான். ஒரு ரீல் கொஞ்சம் ஓடிவிட்டால் ஒரே நாளில் எண்பது, தொண்ணூறு பேர் "விலை?" என்று கேட்பார்கள். சிலர் "பிபி ப்ளீஸ்" என்பார்கள், பிரைஸ் ப்ளீஸ் என்பதன் சுருக்கம். சிலர் எதுவும் எழுதாமல் ரீலை மட்டும் அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். அதுவும் விலைக் கேள்விதான். எழுதி வைத்த பதில் இல்லாமல் இதைச் சமாளிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தட்டினால் பார்சல் கட்ட நேரமிருக்காது. அதனால் டெம்ப்ளேட் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை.

முருகன் சம்பவத்துக்குப் பிறகு நான் முதலில் செய்தது ஒரு முட்டாள்தனம். அதே பதிலை ஆறு விதமாக எழுதி வைத்தேன். "அருமையான தேர்வு", "சூப்பர் செலக்‌ஷன்", "நல்ல ரசனை உங்களுக்கு" என்று. மாற்றி மாற்றி அனுப்பினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைப்பு. யாருக்கு எது போனது என்று எனக்கே தெரியாமல் போய், ஒரே ஆளுக்கு மூன்றாம் முறையும் "நல்ல ரசனை உங்களுக்கு" போனது. அந்த ஆறிலும் ஒரே குறைதான் இருந்தது. கேட்டவர் விலை கேட்டார். நான் விலையைத் தவிர மற்ற எல்லாம் சொன்னேன்.

தீர்வு என் அறையிலேயே உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தது. தெருவில் யாராவது நேரே வீட்டுக்கு வந்து கேட்டால் அத்தை எப்படிப் பதில் சொல்கிறார் என்று கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் போனில் பதிவே செய்துவிட்டேன், அவருக்குத் தெரியாமல். வந்தவர் ஒரு சேலையைக் காட்டி "இது எவ்வளவு?" என்றார். அத்தை அதைப் பிரித்துக்கொண்டே சொன்னது இதுதான்: "இது எண்ணூத்தம்பது. அரக்கு, பச்சைக் கரை. மொதத் தடவ துவைக்கையில தனியா உப்புத் தண்ணியில போட்டு எடுங்க, கொஞ்சம் சாயம் போகும், அப்புறம் நின்னுரும். உங்களுக்கா, யாருக்காச்சும் குடுக்கவா?"

மூன்று மூச்சில் முடிந்துவிட்டது. முதல் மூச்சில் விலை. இரண்டாவதில் அந்தச் சேலையைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சங்கதி, அதுவும் குறையைச் சொல்லும் சங்கதி. மூன்றாவதில் சுலபமாகப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. பாராட்டே கிடையாது. வாங்குபவரின் ரசனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டவர் அங்கேயே உட்கார்ந்து இன்னும் நாலு சேலையைப் பிரிக்கச் சொன்னார்.

அந்தப் பேச்சைத்தான் டெம்ப்ளேட் ஆக்கினேன். இன்று என் போனில் இருக்கும் முதல் பதில் இப்படி:

> வணக்கங்க. இந்த ### ### ரூபாய். தமிழ்நாட்டுக்குள்ள கூரியர் ###. மொத்தம் ### ஆகும்.
>
> ###
>
> உங்களுக்கா, யாருக்காச்சும் குடுக்கவாங்க?

அந்த ### குறிகள் சும்மா அழகுக்கு இல்லை. முதலில் புள்ளிக்கோடு போட்டு வைத்திருந்தேன். இரவு பதினொரு மணிக்குக் கண் சொருகும்போது கோடு கண்ணில் படாது. நிரப்பாமலே "இந்த ____ ____ ரூபாய்" என்று ஒருவருக்குப் போயிருக்கிறது. அதற்கும் முன்னால் "வணக்கம் பெயர்" என்றே போயிருக்கிறது, பெயரை மாற்ற மறந்து. ### கண்ணை உறுத்தும். வாட்ஸ்அப் பிசினஸில் `/vilai` என்று தட்டினால் இந்தப் பதில் எழுதும் பெட்டியில் வந்து உட்காரும், அனுப்பும் முன் திருத்தலாம். இன்ஸ்டாகிராமிலும் தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டால் இப்படிப் பதில்களைச் சேமித்து வைத்துச் சுருக்கச் சொல்லால் கூப்பிடலாம். கூப்பிட்டவுடன் அனுப்பாமல் ஒரு முறை ### தேடுவது இப்போது கைப்பழக்கமாகிவிட்டது.

எண்ணை டெம்ப்ளேட்டுக்குள் எழுதி வைக்காமல் விட்டதற்கும் ஒரு கதை உண்டு. ஆரம்பத்தில் "780 ரூபாய்" என்று பதிலிலேயே எழுதி வைத்திருந்தேன். எடுக்கும் விலை ஏறி நாங்கள் 850 ஆக்கினோம். பேஜில் மாற்றினேன், டெம்ப்ளேட்டில் மறந்துவிட்டேன். பதினொரு பேருக்குப் பழைய விலை போய்விட்டது, அதில் நான்கு பேர் வாங்கினார்கள். சொன்ன விலைக்கே கொடுத்தோம், வேறு வழியில்லை. இருநூற்றெண்பது ரூபாய் போனதைவிட, "அடுத்த தடவையும் அதே ரேட்தானே?" என்று கேட்டவர்களுக்கு விளக்கியதுதான் பெரிய பாடு. இப்போது விலை எல்லாம் சுவரில் ஒட்டிய ஒரே தாளில் இருக்கிறது. மாற்றினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

கூரியரையும் சேர்த்து மொத்தத்தை முதல் பதிலிலேயே சொல்லுவது பற்றி வீட்டில் சண்டையே நடந்தது. "850ன்னு மட்டும் சொல்லு, பிடிச்சுப்போனா கூரியர் ஒரு பெரிய விஷயமா?" என்றார் என் வீட்டுக்காரர். நான் பழைய உரையாடல்களை உட்கார்ந்து மேலிருந்து கீழே படித்தேன். விலை கேட்டு, அளவு கேட்டு, கலர் கேட்டு, முகவரி வரைக்கும் வந்தவர்கள் காணாமல் போன இடம் எது என்று பார்த்தால், பாதிக்குமேல் "கூரியர் 70 தனிங்க" என்று நான் சொன்ன அந்த வரிதான். எழுபது ரூபாய் அவர்களுக்குப் பெரிதில்லை. மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்ததுபோல் ஆகிவிட்டது, அதுதான் உறுத்தல். மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதற்குள் கூரியர் போன்றவை எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும் என்று 2020-இல் வந்த மின் வணிக விதிகளே சொல்கின்றன. நான் அதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. செய்த பிறகு ஒரு தணிக்கையாளர் அண்ணன் சொல்லித் தெரிந்தது.

இப்போது நடு வரி. தனியாக நிற்கும் அந்த ###. இங்கேதான் பதில் மனுஷியிடமிருந்து வருகிறதா, மிஷினிலிருந்தா என்று தெரியும். அதற்கு நான் டெம்ப்ளேட் வைத்துக்கொள்வதில்லை, ஆனால் அதற்கான சரக்கை முன்கூட்டியே சேர்த்து வைக்கிறேன். போட்டோ எடுக்கும்போதே ஒவ்வொரு சேலைக்கும் ஒரு வரி நோட்டில் எழுதிவிடுவேன். "படத்தில் சிவப்பாத் தெரியுது, நேர்ல அரக்கு." "கஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்கு, ரெண்டு துவையலுக்கு அப்புறம்தான் உடம்போட ஒட்டும்." "முந்தியில் ஒரு இடத்தில் மெழுகு விட்டுப்போய்ப் புள்ளி கலைஞ்சிருக்கு, மடிப்புக்குள்ள போயிடும்." "இதுல பிளவுஸ் துணி இல்லைங்க." கேள்வி வரும்போது நோட்டைப் பார்த்து அதை அப்படியே தட்டிவிடுவேன். பத்து விநாடி வேலை. எண்பது பேருக்கு எண்பது விதமாக எழுத வேண்டியதில்லை; பன்னிரண்டு சேலைக்குப் பன்னிரண்டு வரி போதும்.

பெரும்பாலும் குறையைச் சொல்லும் வரியாக இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். நல்லதை ரீலிலேயே காட்டிவிட்டோம். "படத்தில் சிவப்பாத் தெரியுது" என்று சொன்னால் திருப்பி அனுப்புவது குறைகிறது என்பது ஒரு பக்கம். எந்த மிஷினும் தன் சரக்கின் குறையைத் தானாக வந்து சொல்லாது என்பது வாங்குபவருக்கும் தெரியும் என்பது இன்னொரு பக்கம்.

யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதில் நான் பட்ட பாடு தனி. இன்ஸ்டாகிராமில் வருபவர் ஆணா, பெண்ணா, இருபதா, அறுபதா என்று தெரியாது. டிபியில் முருகன், ரோஜா, பேரக்குழந்தை. "டியர்" என்று எழுதியது என் வயதுப் பெண்களுக்கே பிடிக்கவில்லை. ஒரு பெரியவர், மனைவிக்கு வாங்க வந்தவர், "டியர் என்று அழைக்க வேண்டாம்" என்று எழுதினார். "சிஸ்" என்றால் ஆண்கள் வருவார்கள். "மேடம்" என்றால் பேங்க்கிலிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. "அக்கா" என்றால் இருபத்திரண்டு வயதுப் பெண் கோபித்துக்கொள்கிறாள், "அம்மா" என்றால் நாற்பது வயதுக்காரர். கடைசியில் நம் பேச்சிலேயே இருக்கும் "ங்க"தான் காப்பாற்றியது. வணக்கங்க, ஆமாங்க, இருக்குங்க, அனுப்பிடறேங்க. யாரையும் எதுவும் கூப்பிடாமலே மரியாதை கொடுத்தாகிவிட்டது. அவர்கள் என்னை "அக்கா" என்றால் அடுத்த பதிலில் "ம்மா" போடுவேன், "தங்கச்சி" என்றால் "அக்கா". முதல் பதிலில் மட்டும் வெறும் "ங்க".

மொழியும் அப்படித்தான். "தங்கள் விசாரணைக்கு நன்றி" என்று ஒரு பதில் ஆரம்பித்தால், அடுத்து டோக்கன் நம்பர் வரும் என்று மனசு எதிர்பார்க்கிறது. அதற்காக அத்தை பேசுகிற மதுரைப் பேச்சை அப்படியே எழுதினாலும் கோயம்புத்தூர்க்காரருக்குப் படிக்கச் சிரமம். நடுவாந்திரமாக, போனில் பேசுவதுபோல் எழுதுகிறேன். ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுகிறவர்களுக்கு அதே பதிலை ஆங்கில எழுத்தில் இன்னொரு சுருக்கச் சொல்லில் வைத்திருக்கிறேன். தமிழ் படிக்கத் தெரியாமல் பேச மட்டும் தெரிந்த வாடிக்கையாளர்கள், குறிப்பாக பெங்களூரில் வளர்ந்த பிள்ளைகள், நிறையப் பேர் இருக்கிறார்கள்.

"விலை கேப்ஷனிலேயே இருக்கே, பாக்கலையா?" என்ற பதிலை மட்டும் எழுதவே கூடாது என்று வைத்திருக்கிறேன். ரீலில் கேப்ஷன் ஒரு வரிதான் தெரியும், மீதி மடிந்து கிடக்கும். யாரோ அனுப்பிய ரீலை ஓடும் பஸ்ஸில் பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது. அவர் கேட்டது சோம்பலில் என்று நினைத்துவிட்டால் நம் பதிலில் அந்தச் சலிப்பு எப்படியாவது ஏறிவிடும்.

அடுத்தது பேரம். "கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்று கேட்காவிட்டால் மதுரையில் வியாபாரமே நடக்காத மாதிரி. முன்பு "ஃபிக்ஸட் ரேட் மட்டுமே" என்று பெரிய எழுத்தில் ஒரு டெம்ப்ளேட் வைத்திருந்தேன். அது கதவை முகத்தில் சாத்துவது. அத்தையோ பேரத்துக்கு ஒருபோதும் கோபிக்க மாட்டார். முதலில் முடியாது என்பார், உடனே வேறொன்றைக் கையில் எடுத்துக் கொடுப்பார். எண்களை நிரப்பி அனுப்பும்போது என் பதில்:

> ஒரு சேலையில குறைக்க முடியலைங்க, இதுல எங்களுக்கு நிக்கிறதே கொஞ்சம்தான். ரெண்டா எடுத்தீங்கன்னா கூரியர் அதே 70தான், அது மிச்சம். இல்லைன்னா இதே அரக்குல சின்னக் கரை 690க்கு ஒண்ணு இருக்கு, படம் அனுப்பட்டுமாங்க?

இரண்டு சேலைக்கு அதே கூரியர் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. எங்களுக்குக் கூரியர் ஒரு கிலோ வரை ஒரே கட்டணம். கஞ்சி போட்ட சுங்குடி ஒன்று ஏறக்குறைய 450 கிராம். இரண்டை அட்டைப் பெட்டியில் வைத்தால் கிலோவைத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். கவரில் போட்டால் உள்ளுக்குள் நிற்கும். பதிலில் கொடுக்கும் வாக்குறுதியைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். "மூணு எடுத்தாலும் அதே கூரியர்" என்று வாய் தவறிச் சொன்னால் லாபம் பார்சல் ஆபீசிலேயே போய்விடும்.

"ஏன் இவ்வளவு விலை?" என்பது பேரம் இல்லை, வேறு கேள்வி. பெரும்பாலும் கைமுடிச்சுச் சேலைக்கு வரும். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-இல். ஆனால் இன்று சந்தையில் சுங்குடி என்று வருவதில் பெரும்பகுதி மெழுகு அச்சிலும் ஸ்கிரீனிலும் போட்டது. எங்களிடம் 850-க்கு இருப்பதும் மெழுகு அச்சுதான், அதை மறைப்பதில்லை. கையால் ஒவ்வொரு புள்ளியாக நூல் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவது எங்களிடம் மாதத்துக்கு மூன்றோ நான்கோ வரும், 2,900 ரூபாய். ஒரே பெயர், மூன்று மடங்குக்கு மேல் விலை; கேட்பவருக்குக் குழம்பத்தான் செய்யும். இதற்கு நான் பாரம்பரியம், கலை என்று பத்தி எழுதி வைத்திருந்தேன். யாரும் படிக்கவில்லை. இப்போது இரண்டு வரியும் ஒரு படமும்:

> இது ஒவ்வொரு புள்ளியும் கையால முடிச்சுப் போட்டதுங்க, ஒரு சேலையில ஆயிரக்கணக்குல இருக்கும். கிட்டத்துல எடுத்த படம் பாருங்க, முடிச்சு அவிழ்த்த இடத்துல துணி லேசாப் புடைச்சு நிக்கும், ரெண்டு புள்ளி ஒரே மாதிரி இருக்காது. 850 சேலையில அது வராதுங்க.

படம் விரல் நுனிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தது. அதைப் பார்த்த பிறகு 850 சேலையையே எடுத்துக்கொள்கிறேன் என்பவர்கள்தான் அதிகம். நல்லதுதான். ஏன் என்று தெரிந்து எடுக்கிறார்கள்.

விலை சொன்னதும் அமைதியாகிவிடுபவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முழுசாக ஒன்றைச் சொல்கிறேன். ஒரு புதன்கிழமை இரவு 10.40-க்கு சேலத்திலிருந்து ஒருவர் அரக்கு ரீலை அனுப்பி "விலை?" என்றார். அந்த நேரத்தில் என் தானியங்கிப் பதில் போகும்: "தூங்கப் போயிட்டோங்க. காலையில 8 மணிக்கு நானே பார்த்துச் சொல்றேன்." தானாகப் போவது தானாகப் போவதாகவே இருக்கட்டும் என்று அதில் நான் வேறு எதையும் எழுதுவதில்லை. காலையில் என் பதில்: "வணக்கங்க. இந்த அரக்குச் சுங்குடி 850 ரூபாய். தமிழ்நாட்டுக்குள்ள கூரியர் 70. மொத்தம் 920 ஆகும். படத்துல சிவப்பாத் தெரியுது, நேர்ல நல்ல அடர் அரக்குங்க. உங்களுக்கா, யாருக்காச்சும் குடுக்கவாங்க?" பார்த்துவிட்டார், பதில் இல்லை.

முன்பெல்லாம் என்றால் சாயங்காலமே "வேணுமா டியர்?" என்று கேட்டிருப்பேன், மறுநாள் "கடைசி பீஸ்!" என்று பொய் சொல்லியிருப்பேன். இப்போது ஒரே ஒரு தடவை, இரண்டு நாள் கழித்து, கையில் புதிதாக ஏதாவது இருந்தால் மட்டும். வெள்ளிக்கிழமை மாடியில் துணி காயப்போடப் போனபோது அந்தச் சேலையை வெயிலில் பிரித்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன்: "வெயில்ல இப்படித் தெரியுதுங்க. இன்னும் இருக்கு. வேண்டாம்னாலும் பரவாயில்லை." மாலையில் பதில் வந்தது. அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம், அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், அம்மாவுக்கு இது, அக்காவுக்கு இதே மாதிரி நீலத்தில் இருக்கிறதா என்றார். இரண்டு சேலை, ஒரு கூரியர், 1,770 ரூபாய். பணம் அனுப்ப வேண்டிய யுபிஐ முகவரியைத் தனி மெசேஜாக, வேறு ஒரு எழுத்தும் சேராமல் அனுப்பினேன். அழுத்திப் பிடித்துக் காப்பி செய்தால் மெசேஜ் முழுக்க வந்துவிடும். நடுவில் "நன்றிங்க" இருந்தால் அவர் அதை அழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லாரும் இப்படித் திரும்பி வருவதில்லை. பத்துப் பேருக்கு இரண்டாவது மெசேஜ் போனால் ஏழு பேர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். அதற்குமேல் தட்டினால் நான் விற்பனை அழைப்புக்காரி ஆகிவிடுவேன்.

என் டெம்ப்ளேட்டால் ஒன்றும் செய்ய முடியாத இடம் வாய்ஸ் நோட். நாற்பது விநாடி பேசி, நடுவில் குக்கர் விசிலடித்து, "அந்த மஞ்சள்ல பச்சை போட்டது, இல்ல இல்ல, பச்சையில மஞ்சள், எவ்வளவும்மா?" என்பவர்களுக்கு எழுத்தில் பதில் போட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டதுபோல் இருக்கிறது. போனை அத்தையிடம் நீட்டிவிடுவேன். அவர் அழுத்திப் பிடித்து, எந்த ஊர், விசேஷமா, பொண்ணுக்கா மருமகளுக்கா, நம்ம பக்கம் மழையா என்று எல்லாம் கேட்டுவிட்டு விரலை எடுத்துவிடுவார். விலையைச் சொல்ல மறந்திருப்பார். பின்னாலேயே நான் `/vilai` தட்டி, ### தேடி, 850, 70, 920 என்று நிரப்பி அனுப்புவேன்.